மூன்று மணிக்கு ஒரு காரும் இல்லை

(பினாங்கு ஃபார்லிம் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீடு. புதன்கிழமை மாலை மணி 7.20. பிள்ளைகளை முறை வைத்துக் காரில் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் நான்கு குடும்பங்களுக்கும் அனுப்ப வேண்டிய புதிய வாட்ஸ்அப் செய்தியை தேவகி தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் மாடிக் குமரேசன் வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வருகிறார். பள்ளியிலிருந்து நேராகப் போய்க் காரைப் பட்டறையில் விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பியதாகச் சொல்கிறார். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

குமரேசன்: அக்கா, கோபம் தணிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

தேவகி: இன்று பிற்பகல் ஒரு மணிக்குப் பள்ளி வாசலில் நம்முடைய கார்கள் மூன்று நின்றன, மூன்று மணிக்கு ஒன்றுகூட இல்லை. என் மகனும் சேகர் அண்ணனின் மகளும் 3.40 வரை பாதுகாவலரின் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். கோபம் எப்படித் தணியும், தம்பி?

குமரேசன்: நான் முறைப்படிதானே கேட்டேன்? "புதன் எனக்கு முடியாது, வெள்ளியோடு மாற்றிக்கொள்ளலாமா" என்று நேற்றே குழுவில் எழுதினேன். சரசு அக்கா கட்டைவிரல் போட்டார். சேகர் அண்ணனும் கட்டைவிரல் போட்டார்.

தேவகி: இரண்டு கட்டைவிரல்களைப் பார்த்த பிறகும் நீங்கள் ஏன் வந்தீர்கள்?

குமரேசன்: இரண்டு பேர் ஒப்புக்கொண்டால், இவர் வருவார் என்று அவரும், அவர் வருவார் என்று இவரும் இருந்துவிடுவார்களோ என்று பயந்து வந்தேன். பட்டறைக்காரரும் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

தேவகி: வந்தது நல்ல மனது. ஆனால் சரசு சிறுவர் இருவரை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்து, எல்லாரையும் ஏற்றிவிட்டார் என்று நீங்களும் சேகர் அண்ணனும் திரும்பிவிட்டீர்கள். புதன்கிழமை புறப்பாட நடவடிக்கை இருக்கிறது, நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை மூன்று மணிக்குத்தான் விடுவார்கள் என்பது சொந்த மகளைப் படிக்க வைக்கும் சேகர் அண்ணனுக்கே நினைவில்லை.

குமரேசன்: என் பையன் இரண்டாம் ஆண்டு, அக்கா. எனக்கு மூன்று மணி என்பது தேநீர் வேளை மட்டுமே.

தேவகி: அதனால்தான் பழைய செய்தியைக் கிழித்துவிட்டேன். அதில் "திங்கள் தேவகி, செவ்வாய் சேகர்" என்று கிழமைக்கு ஒரு பெயர் போட்டிருந்தோம். கிழமை என்றால் காலையா, மாலையா, இரண்டுமா என்று ஆளுக்கொரு பொருள் கொண்டோம். இனிக் கிழமைக்குப் பெயர் கிடையாது, பயணத்துக்குத்தான் பெயர்.

குமரேசன்: ஐந்து நாள், காலை ஒன்று, பிற்பகல் ஒன்று. ஆக மொத்தம் பத்துப் பயணம்.

தேவகி: பதினொன்று. மற்ற நாள்களில் சிறியவர்களை ஒரு மணிக்கும் பெரியவர்களை 1.30க்கும் விடுகிறார்கள், சிறியவர்கள் அரை மணி நேரம் சிற்றுண்டிச்சாலையில் காத்திருந்தால் ஒரே காரில் வந்துவிடலாம். புதன்கிழமை இரண்டு மணி நேர இடைவெளி. அன்று பிற்பகலில் இரண்டு பயணங்கள்.

குமரேசன்: பதினொன்றை நான்கு வீட்டுக்கு எப்படிப் பிரிப்பது? ஒருவர் தலையில் கூடுதலாக விழுமே.

தேவகி: ஒரு வாரத்துக்குள் பிரிக்க முயன்றால்தான் சண்டை வரும். நான்கு வாரங்களுக்கு நாற்பத்து நான்கு பயணங்கள். வீட்டுக்குப் பதினொன்று, மிச்சமில்லை. அட்டவணையை நான்கு வாரத்துக்குச் சேர்த்தே போட்டிருக்கிறேன்.

குமரேசன்: தைப்பூசம் போல இடையில் பொது விடுமுறை வந்தால், அன்றைய முறைக்காரர் லாபமடைந்துவிடுவாரே?

தேவகி: அடையட்டும். அந்தப் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளினால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாப் பெயர்களும் ஓரிடம் நகரும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்த தாள் அத்தனையும் பொய்யாகிவிடும். விடுமுறையில் விழுந்த பயணம் அத்தோடு செத்தது என்று எழுதிவிட்டேன்.

குமரேசன்: காலையில் எத்தனை மணி என்று போட்டிருக்கிறீர்கள்?

தேவகி: கீழே காவல் சாவடி அருகில் 6.50.

குமரேசன்: 6.40 என்று போடுங்கள். அப்போதுதான் நம் ஆட்கள் 6.50க்கு இறங்குவார்கள்.

தேவகி: முதல் வாரம் இறங்குவார்கள். இரண்டாம் வாரம் பத்து நிமிடம் பொய் என்று கண்டுபிடித்துவிட்டு ஏழு மணிக்கு இறங்குவார்கள். 6.50க்குக் கிளம்பினால் 7.10க்குப் பள்ளி வாசல். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஆயர் ஈத்தாம் சந்தைச் சந்திப்பில் மீன்காரரின் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு 7.30 மணியோசையைக் காரிலிருந்தே கேட்கலாம். அதனால் "6.50 என்பது பிள்ளை கீழே நிற்கும் நேரம், 6.53 என்பது கார் நகரும் நேரம், பிந்திய பிள்ளையை அவரவர் வீட்டார் கொண்டுபோய் விட வேண்டும்" என்று இரண்டு நேரத்தையும் எழுதியிருக்கிறேன்.

குமரேசன்: மூன்று நிமிடம்! மின்தூக்கி வரவே நான்கு நிமிடம் ஆகுமே. (தேவகியின் முகத்தைப் பார்த்து) சரி, படியில் இறங்கிக்கொள்கிறோம். மாற்றிக்கொள்வதற்கு என்ன விதி?

தேவகி: கேட்பவர் நாள், நேரம், பயணம் மூன்றையும் எழுதி, பதிலுக்குத் தாம் எடுக்கும் பயணத்தையும் குறிப்பிட வேண்டும். ஏற்பவர் அதையே தம் சொற்களில் திருப்பி எழுத வேண்டும். கட்டைவிரல் செல்லாது, மௌனமும் செல்லாது. பிறகு கேட்டவர் திருத்திய அட்டவணை முழுவதையும் குழுவில் போட வேண்டும். கடைசியாக வந்த அட்டவணை மட்டுமே உண்மை.

குமரேசன்: எத்தனை மணிக்குள்?

தேவகி: முந்தைய இரவு ஒன்பது மணி என்று எழுதியிருக்கிறேன்.

குமரேசன்: கூடவே கூடாது, அக்கா. ஒன்பது மணிக்குச் சொன்னால் அடுத்தவர் எப்படித் திட்டமிடுவார்? எட்டு மணி என்று திருத்துங்கள். எட்டைத் தாண்டினால் மாற்றமே கிடையாது. அவர் சொந்தச் செலவில் வாடகைக் கார் பிடித்து நான்கு பிள்ளைகளையும் அனுப்பட்டும். கண்டிப்பு இல்லாமல்தானே இன்று இப்படி நடந்தது?

தேவகி: (மகிழ்ச்சியோடு திருத்தியபடி) இவ்வளவு பொறுப்பு உங்களிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் ஒன்று. 2020 ஜனவரி முதல் குழந்தைப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம் அல்லவா? சிறியவர்களின் இரண்டு இருக்கைகளும் ஒரு காரிலேயே தங்கிவிடுகின்றன. நாளின் கடைசிப் பயணம் முடிந்ததும் அவற்றைக் காவல் சாவடியில் இறக்கி வைக்க வேண்டும்.

குமரேசன்: மிகச் சரி. அனுப்புங்கள்.

(7.51. செய்தி போகிறது. சரசுவும் சேகரும் தத்தம் சொற்களில் ஒப்புக்கொண்டு எழுதுகிறார்கள். குமரேசன் பெருமிதத்தோடு அட்டவணையைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார்.)

தேவகி: ஏன் தம்பி, முகம் வெளுத்துவிட்டது?

குமரேசன்: அக்கா, நாளைக் காலை 6.50, என் பெயர் இருக்கிறது.

தேவகி: ஆமாம். முதல் பயணத்தை உங்களுக்கே மரியாதையாகக் கொடுத்தேன்.

குமரேசன்: கார் பட்டறையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம்தான் கிடைக்கும். இரண்டு இருக்கைகளும் அந்தக் காருக்குள்ளேயே இருக்கின்றன.

தேவகி: (சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து) மணி 7.54.

குமரேசன்: நீங்களே நாளைக் காலை எடுத்துக்கொள்ளுங்களேன்? அடுத்த வாரம் உங்களுடைய எந்தப் பயணத்தை வேண்டுமானாலும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தேவகி: நாள், நேரம், பயணம். முழு வாக்கியத்தில். குழுவில்.

குமரேசன்: (நடுங்கும் விரல்களால் தட்டச்சு செய்துகொண்டே) "வியாழக்கிழமை காலை 6.50 பயணத்தை தேவகி அக்காவுக்குக் கொடுத்து, அதற்குப் பதிலாக அடுத்த வாரம்..." அக்கா, அடுத்த வாரம் உங்களுக்கு எது பாரமாக இருக்கிறது?

தேவகி: புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி.