பில் போடும்போது ஒரு பேச்சு, பழுதானதும் வேறு பேச்சு

சேலம் ஐந்து ரோடு பக்கம் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இதே கதைதான். கேமிங் லேப்டாப்பின் விலையைப் பேசி முடித்து, கார்டைத் தேய்க்கப் போகும் நேரத்தில் கேட்பார்கள்: “அண்ணா, எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா? மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லை.” அந்தக் கவலையின்மை எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பில்லில் ஒரு வரி, போனுக்கு ஒரு லிங்க், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா மகன் 92,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினான். கடைக்காரர் சொன்னபடி கூடுதலாக 8,500 ரூபாய் கட்டினான். அந்த மூன்று வருடத்தில் முதல் வருடம் எப்படியும் கம்பெனி தருவதுதான். அதற்கு நாம் தனியாக ஒரு பைசா தர வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்கியது அடுத்த இரண்டு வருடத்தைத்தான். அதைத் தருவதும் லேப்டாப் கம்பெனி இல்லை, கடை கைகோத்திருக்கும் வேறொரு நிறுவனம். இதில் எதையும் கவுண்டரில் சொல்லவில்லை.

இரண்டாவது வருடத்தில் திரை இருண்டது. மதர்போர்டு போய்விட்டது. கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியாது, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். அதனால் சிப் போனாலும் போர்டு முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 48,000 கேட்டார்கள். சரி, இதற்குத்தானே வாரண்டி என்று மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து கொடுத்தான். சில நாள் கழித்து பதில் வந்தது: “போர்டில் அரிப்பு இருக்கிறது, திரவ சேதம், கிளெய்ம் நிராகரிப்பு.”

திரவமா? தண்ணீர் பாட்டிலைக்கூட அந்த மேசையில் வைக்க மாட்டான் அவன்! ஏற்காட்டில் மழைக்காலம் முழுக்க மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அலமாரியில் வைத்த தோல் செருப்பு பூஞ்சை பிடிக்கிற ஊர். ஃபேன் இழுத்துச் சேர்த்த தூசி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போர்டு மெல்ல அரிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதா இவர்களுக்கு? தண்ணீர் கொட்டினால் பெரும்பாலும் கீபோர்டுக்கு அடியில் ஒரே இடத்தில் கறை தேங்கி நிற்கும். சில மாடல்களில் உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் சிவந்துபோகும். காற்றின் ஈரம் என்றால் ஃபேன் காற்று போகும் வழியெல்லாம் தூசியோடு மெலிதாகப் பரவியிருக்கும். போட்டோ கேட்டோம். கொடுக்கவில்லை. லிங்க்கைத் திறந்து நிபந்தனைகளைப் படித்தால் ‘துரு, அரிப்பு, காற்றின் ஈரப்பதம்’ மூன்றும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. ஏற்காட்டு முகவரியை பில்லில் அடித்துக்கொண்டே இதை விற்றிருக்கிறார்கள்!

இன்னொரு கூத்து, தேய்மானம். கிளெய்மை ஒப்புக்கொண்டிருந்தாலும் இரண்டாம் வருடத்தில் பில் தொகையில் 30 சதவீதம் கழித்துத்தான் கணக்கு. அதாவது 64,400 தான் உச்சவரம்பு. மூன்றாம் வருடத்தில் பாதி, 46,000. அதே 48,000 ரூபாய் போர்டு அடுத்த வருடம் போயிருந்தால் 2,000 நம் கையிலிருந்து. இதற்கும் ‘கவலையே இல்லை’ என்றுதான் பெயர்.

அதற்காக எக்ஸ்டெண்டட் வாரண்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கேமிங் லேப்டாப்புக்கு நான் போடத்தான் சொல்வேன், ஒரு போர்டின் விலை அப்படி. ஆனால் லேப்டாப் கம்பெனியே விற்பதாக இருக்க வேண்டும். கட்டியதும் கம்பெனியின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் வாரண்டி முடியும் தேதி தள்ளிப்போயிருக்க வேண்டும். தேதி மாறவில்லையா, நீங்கள் வாங்கியது வேறு எதையோ. பெரும்பாலும் முதல் வருட வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் போடலாம், கவுண்டரில் நின்று அவசரப்படத் தேவையில்லை. பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். கீழே விழுந்தது, தண்ணீர் கொட்டியது என்றால் அதற்குத் தனித் திட்டம். மலையில் இருப்பவர்கள் வீட்டுக்கே ஆள் வரும் சர்வீஸ் தங்கள் பின்கோடுக்கு உண்டா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

பிளேஸ்டேஷனுக்கும் அதே ஆள் அதே வசனத்தோடு வருவார். அங்கே நான் பத்து ரூபாய் கூடக் கொடுக்க மாட்டேன். அதில் முதலில் கெடுவது பெரும்பாலும் கன்ட்ரோலரின் ஸ்டிக். தொடாமலே கேமில் வரும் பாத்திரம் தானாக நடக்கும். கேட்டால் ‘அது அக்சஸரி, தேய்மானம்’ என்பார்கள். எச்டிஎம்ஐ போர்ட் உடைந்தால் ‘வெளிச் சேதம்’. அப்புறம் எதற்குத்தான் அந்த வாரண்டி?

அக்கா மகன் நிராகரிப்புக்கான காரணத்தைப் போட்டோவோடு எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தாயிற்று. அடுத்தது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இதைச் சொன்ன மறுநாளே கடையிலிருந்து போன்: “தம்பி, போர்டை இன்னொரு தடவை செக் பண்ணிப் பார்க்கச் சொல்றோம்.”