காசு அடிச்சா லாபம் யாருக்கு, அதைக் கட்டுறது யாரு?

சம்பள உயர்வு, நிவாரணம்னு எதைப் பத்திப் போஸ்ட் போட்டாலும் கீழ யாராவது வந்து "மத்திய வங்கி இருக்குதானே, அடிச்சுக் குடுத்தா முடிஞ்சது"ன்னு எழுதிட்டுப் போறாங்க. 2022 பொருளாதார நெருக்கடியைக் கண்ணால பார்த்த இலங்கையில இன்னும் இப்படி எழுதுறதைப் பார்த்தா எனக்கு ஆத்திரமா வருது.

காசு வெளியிடுறதால கிடைக்கிற லாபத்துக்கு சீனியரேஜ்னு சொல்லுவாங்க. 5000 ரூபா நோட்டு அடிக்கச் செலவு கொஞ்சம்தான், மிச்சம் முழுக்க லாபம்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா மத்திய வங்கியோட கணக்குல அந்த நோட்டு கடன் பக்கத்துலதான் ஏறும், அந்தப் பக்கத்துக்கு ஈடா சொத்துப் பக்கத்துல டொலரோ, அரசாங்கம் கடன் வாங்க வெளியிடுற பத்திரமான திறைசேரி உண்டியலோ இருக்கும். அப்போ லாபம் எங்கன்னா, 5000க்கு ஒரு உண்டியல் வாங்கி வச்சா, வட்டி 8 வீதம்னு வைங்க, வருசத்துக்கு 400 ரூபா வருது, ஆனா நோட்டைச் சட்டைப்பையில வச்சிருக்கிற நமக்கு ஒரு சதம் வட்டியும் இல்ல. அந்த 400தான் லாபம், செலவு போக மிஞ்சினா அரசாங்கத்துக்கே திரும்பிப் போகும். சனத்துக்கு நோட்டு தேவைப்படுற அளவுக்குள்ள இது நடந்தா யாருக்கும் பெரிய கேடு இல்ல, எல்லா நாட்டுலயும் உள்ளதுதான்.

பிரச்சினை எங்க தொடங்குதுன்னா, அந்த அளவைத் தாண்டும்போது. 2019 கடைசியில மத்திய வங்கி கையில இருந்த அரசாங்கப் பத்திரங்கள் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவு. 2021 கடைசியில அது சுமார் 1.4 ட்ரில்லியன். 2019 கடைசியில வரியை வெட்டினாங்க, பிறகு கொரோனா வந்துச்சு, வருமானம் விழுந்துச்சு, உண்டியல் ஏலத்துல அரசாங்கம் தர நினைச்ச குறைஞ்ச வட்டிக்கு ஆக்கள் வாங்கல, மிஞ்சினதை மத்திய வங்கியே எடுத்துச்சு, அதுக்குப் புதுசாக் காசு உண்டாச்சு.

இதுல கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டு வருசத்துல புழக்கத்துல நோட்டு கூடினது, மத்திய வங்கி வாங்கின தொகையில சுமார் கால்வாசிதான். அப்போ மிச்சக் காசு எங்க போச்சு? பெரும்பாலும் டொலரா மாறி வெளிய போச்சு. அரசாங்கம் அந்தக் காசைச் செலவழிக்குது, அது கையில வந்தவங்க சாமான் வாங்குறாங்க, இறக்குமதிக்காரர் ரூபாவைக் கொண்டு போய் பேங்க்ல டொலர் கேட்கிறார், மத்திய வங்கி தன் கையிருப்புல இருந்து டொலரைக் குடுத்து ரூபாவைத் திரும்ப எடுக்குது. அப்போ சந்தையில ரூபா இறுகி வட்டி ஏறணும், ஏற விடாம இன்னும் உண்டியல் வாங்கி ரூபாவை மறுபடி உள்ள விட்டாங்க. அதனாலதான் 2019 கடைசியில 7.6 பில்லியன் டொலரா இருந்த கையிருப்பு 2021 கடைசியில 3.1 பில்லியனா சுருங்கினது. வெளிநாட்டுக் கடன் கட்டினதும் அதுல உண்டு, ஆனா அச்சடிச்ச ரூபாவோட பங்கை யாரும் மறைக்க ஏலாது. நாங்க கேஸ் லைன்ல நின்னது டொலர் இல்லாமத்தான்.

டொலர் முடிஞ்ச பிறகு மிச்ச பில்லு விலைவாசியா வந்துச்சு. 2022 செப்டம்பர்ல கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருசத்துல 69.8 வீதம் கூடியிருந்துச்சு. புறக்கோட்டையில மூட்டை தூக்குற ஒரு நாட்டாமை அண்ணன் மகளோட கலியாணத்துக்குன்னு 50,000 ரூபாவை நோட்டா அலமாரியில வச்சிருந்தார்னு வைங்க. ஒரு வருசத்துல அந்த 50,000க்கு வாங்க முடிஞ்சது பழைய 29,500 ரூபா சாமானைவிடக் கொஞ்சம் குறைவு. 20,000க்கு மேல போயிடுச்சு, யாரும் கதவைத் தட்டிக் கேட்கல, பில்லும் தரல, பாராளுமன்றத்துல வாக்கெடுப்பும் நடக்கல. அந்த முழுத் தொகையும் அரசாங்கத்துக்குப் போகல, டொலர் விலையும் எண்ணெய் விலையும் அதுல சேர்ந்திருக்கு. ஆனா அதே காலத்துல அரசாங்கத்தோட ரூபாக் கடன் உண்மைப் பெறுமதியில கரைஞ்சது. ஏற்கனவே டொலரும் காணியும் வாங்கிப் போட்டவங்க தப்பிச்சாங்க, செட்டியார் தெருவுல நகை வாங்கி வச்சவங்களும் தப்பிச்சாங்க, கையில நோட்டு மட்டும் வச்சிருந்தவங்க கட்டினாங்க.

அமெரிக்கா அடிக்குதே, நாம அடிச்சா என்னன்னு கேட்கிறவங்களுக்கு: டொலர் நோட்டுல பெரிய பங்கை வெளிநாட்டுச் சனம் சேர்த்து வச்சிருக்கு, அந்தச் சுமையை உலகமும் பகிர்ந்துக்குது. நம்ம ரூபாவை நம்மளைத் தவிர யாரு பெட்டியில வைக்கிறா? விலை ஏறும்னு தெரிஞ்சா நம்ம சனமே ரூபாவை விட்டு ஓடும், அப்போ அடிக்கிறதுல கிடைக்கிற லாபமும் சுருங்கும்.

2023ல வந்த மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரடியாக் கடன் குடுக்கிறதையும் ஏலத்துல நேரா உண்டியல் வாங்குறதையும் தடுக்குது. ஏற்கனவே மத்தவங்க வாங்கின உண்டியலை அவங்ககிட்ட இருந்து இரண்டாம் சந்தையில வாங்கலாம், அந்த வாசல் திறந்துதான் இருக்கு, அதனால மத்திய வங்கி வெப்சைட்டுல அவங்க கையில இருக்கிற அரசாங்கப் பத்திரத் தொகை போடுவாங்க, அது ஏறுதா இறங்குதான்னு நாம பார்த்துட்டே இருக்கணும். நிவாரணம் கட்டாயம் வேணும், நானும் கேட்கிறேன். ஆனா அதை வரவு செலவுத் திட்டத்துல போட்டு யார்கிட்ட வரி எடுக்கப் போறீங்கன்னு சொல்லித் தாங்க. அந்த அண்ணனோட அலமாரியில கை வைக்காதீங்க.