கையெழுத்து உங்களுடையது, காசு யாருக்கு?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைய மனு ஒன்று வந்து விழுந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நானும் போட்டுட்டேன், நீங்களும் போடுங்க" என்று நம் தலையில் ஏறி உட்காருகிறார்கள். அந்த மனுவை வைத்திருக்கும் தளத்தை நடத்துவது யார் என்று கேட்டால், ".orgன்னு இருக்கே, சேவை அமைப்புதான்" என்று பதில் வருகிறது. அட, .org முகவரியை யார் வேண்டுமானாலும் காசு கட்டி வாங்கலாம். லாபத்துக்கு நடத்துகிறீர்களா, தர்மத்துக்கா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

2020-இல், அமெரிக்காவில் போலீஸ் பிடியில் உயிரிழந்த ஜார்ஜ் ஃபிளாய்டுக்கு நீதி கேட்டு Change.org என்ற மனுத் தளத்தில் ஒரு மனு ஓடியது. 1.9 கோடிக்கும் மேல் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட கையோடு, இந்த மனு பரவப் பணம் கொடுங்கள் என்று அடுத்த திரை கேட்டது. அந்தக் குடும்பத்துக்குத்தான் போகிறது என்று நினைத்துப் பலர் கொடுத்தார்கள். குடும்பத்துக்கும் போகவில்லை, மனுவைத் தொடங்கியவருக்கும் போகவில்லை. மனுவை மற்றவர்களுக்கு விளம்பரமாகக் காட்டுவதற்கு என்று அந்தத் தளத்துக்கே போனது. இது தெரிந்து எத்தனை பேர் கொதித்தார்கள்! ஆனால் அன்றைக்கு அந்தத் தளத்தின் பின்னால் இருந்தது Change.org, PBC. பொதுநலம் பேசினாலும் லாபம் பார்க்கும் வகையில் பதிவான கம்பெனி. 2021-இல் உரிமை ஒரு லாப நோக்கில்லாத அறக்கட்டளைக்கு மாறியது, அது வேறு கதை. கம்பெனி நடத்துவது குற்றமும் இல்லை. யார் கையில் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் கொடுத்துவிட்டு அப்புறம் கொதிப்பதுதான் எனக்கு எரிச்சல்.

பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பக்கத்தின் அடிவரை போங்கள். அங்கே பொடி எழுத்தில் Terms என்று இருக்கும். அதைத் திறந்தால் முதல் சில பத்திகளிலேயே 'நாங்கள்' என்றால் எந்த நிறுவனம் என்று சொல்லியிருப்பார்கள். இந்தியத் தளமாக இருந்து Private Limited என்று முடிந்தால் பொதுவாக அது வியாபாரம். அந்தப் பெயரை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளமான mca.gov.in-இல் தேடினால் எப்போது, எங்கே பதிவானது என்று தெரியும். பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, வெறும் தொடர்புப் படிவம் மட்டும்தான் என்றால் கையெழுத்தே போடாதீர்கள். உங்கள் மின்னஞ்சல் முகவரி யாரிடம் போகிறது என்றுகூடத் தெரியாது.

சிகிச்சைக்கு நிதி திரட்டும் தளங்களில் இன்னொரு கூத்து. ஆயிரம் ரூபாய் என்று போட்டால், சில தளங்கள் கூடவே ஒரு 'டிப்ஸ்' தொகையைத் தாங்களாகவே சேர்த்து வைத்திருக்கும். அது நோயாளிக்கு அல்ல, தளத்துக்கு. பூஜ்யமாக்க வழி இருக்கும், ஆனால் தேடினால்தான் கண்ணில் படும். இதைக் குழுவில் சொன்னேன். "நல்ல காரியத்துல போய்க் கணக்குப் பார்க்கிறியே" என்கிறார் சித்தப்பா. காய்காரரிடம் அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற சித்தப்பா!