160 பக்கப் புத்தகத்துக்கு 150 ரூபாய் ஏன் கட்டாது?

சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்கள் பெரும்பாலும் விலையை முடிவு செய்வது ராப்பர் அச்சுக்குப் போகிற அன்றுதான். பின்னட்டையில் ஐ.எஸ்.பி.என். கோட்டுக்குப் பக்கத்தில் ‘விலை ரூ.’ என்று போட்டு இடம் காலியாக இருக்கும். டிசைனர் போன் பண்ணி, “சார், விலை என்ன போடட்டும்?” என்று கேட்பார். அந்த நிமிஷத்தில் வாயில் வருகிற ஒரு எண்தான் புத்தகத்தின் விலை. அந்த எண் எப்போதும் தேவையைவிடக் கொஞ்சம் குறைவாகவே வாயில் வரும். அதிகமாகச் சொல்ல நமக்கே கூச்சம்.

தக்கலையைச் சேர்ந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் நாஞ்சில் நாட்டுக் குளங்களையும் கால்வாய்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்திருக்கிறார். டெமி அளவு, 160 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை அச்சு. அவர் விலையை 150 என்று தீர்மானித்துவிட்டுத்தான் என்னிடம் பேச வந்தார். “நாலு பேரு படிக்கணும்லா, அதுக்குத்தான எழுதுகோம்” என்றார். சாரின் நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கணக்கில்தான் இருக்கிறது. அவர் அனுமதியோடு அதை இங்கே எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் வருஷா வருஷம் இப்படிச் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் யாருக்காவது உதவும்.

முதலில் அச்சுச் செலவு. சார் கையில் ஒரே அச்சகத்தின் இரண்டு கொட்டேஷன் இருந்தன. 300 பிரதிக்கு 24,600 ரூபாய், அதாவது ஒன்றுக்கு 82. 500 பிரதிக்கு 32,000, ஒன்றுக்கு 64. இதைப் பார்த்த எவருக்கும் 500 அடிக்கத்தான் கை துறுதுறுக்கும். பிரதிக்கு 18 ரூபாய் மிச்சம் என்று தோன்றும்.

இந்த விலை ஏன் இப்படி இறங்குகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு பாரம். 160 பக்கம் என்றால் பத்து பாரம். பிளேட் போடுவது, மெஷினில் ஏற்றி மை சரிபார்ப்பது, ராப்பருக்கு நாலு கலர் பிளேட் எல்லாம் முதல் பிரதிக்கு முன்பே ஆகிவிடுகிற செலவு. நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அது மாறாது. சாரின் இரண்டு கொட்டேஷனையும் கழித்துப் பார்த்தால் கூடுதல் 200 பிரதிக்கு 7,400 ரூபாய், அதாவது ஒன்றுக்கு 37தான். அப்படியானால் மாறாத செலவு மட்டும் 13,500. (இதற்காகத்தான் பக்கத்தை 16-இன் மடங்கில் நிறுத்தச் சொல்வது. 164 பக்கம் ஆகிவிட்டால் அந்த நாலு பக்கத்துக்காகத் தனி பிளேட், தனி வேலை. முன்னுரையில் நன்றி சொன்ன பட்டியலைச் சுருக்கினாலே பெரும்பாலும் அது சரியாகிவிடும்.)

ஆனால் 64-ம் 82-ம் அச்சடித்த பிரதியின் விலை. நமக்கு வேண்டியது விற்ற பிரதியின் விலை. 240 பிரதிதான் விற்கும் என்றால், 300 அடித்தவருக்கு விற்ற ஒவ்வொன்றுக்கும் அச்சு மட்டும் 102 ரூபாய் 50 காசு. 500 அடித்தவருக்கு 133. மலிவாகக் கிடைத்தது என்று அடித்தவர் கையில்தான் விலை அதிகம், போதாததற்குக் கட்டிலுக்கு அடியில் பண்டல் பண்டலாகப் புத்தகம். அந்த 7,400 திரும்ப வர வேண்டுமானால், விலை 200 என்று வைத்து 35 சதவீதம் கடைக்காரருக்குப் போனால், கடை வழியாக மட்டும் இன்னும் 57 பிரதி விற்க வேண்டும். அந்த 57 பேர் யார் என்று ஒரு பேப்பரில் எழுத முடிந்தால் 500 அடிக்கலாம். முடியாவிட்டால் 300 போதும்.

‘அச்சுச் செலவை மூன்றால் பெருக்கு’ என்று ஒரு சூத்திரம் ஊரில் புழங்குகிறது. அதையும் போட்டுப் பாருங்கள். 64 என்றால் 192, 82 என்றால் 246. ஒரே புத்தகம், ஒரே வாசகர், எத்தனை அடித்தோம் என்பதை வைத்து விலை ஐம்பது ரூபாய் மாறுகிறது. வாசகருக்கு இதில் என்ன சம்பந்தம்?

அச்சுக்கு வெளியே இருக்கிற செலவைப் பலர் சேர்ப்பதே இல்லை. பக்கத்துக்கு 35 ரூபாய் என்று லேஅவுட் 5,600. பிழை திருத்தம் பக்கத்துக்கு 25 என்று 4,000. ராப்பர் டிசைன் 2,400. பார்சல் சர்வீஸில் நாகர்கோவில் வந்து இறங்கி, ஆட்டோவில் வீடு வர 1,400. அச்சோடு சேர்த்து மொத்தம் 38,000. ஐ.எஸ்.பி.என். வாங்கக் கட்டணம் கிடையாது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. ஆனால் அச்சகத்து பில்லில் ஜி.எஸ்.டி. உண்டு, அது நம் தலையில்தான். கொட்டேஷன் வாங்கும்போதே ‘வரி சேர்த்தா, சேர்க்காமலா’ என்று கேட்டுவிடுங்கள். சாரின் 24,600 வரி சேர்த்து.

அப்புறம் இலவசப் பிரதிகள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தா, சென்னை, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு நாலு பிரதி நம் செலவில் போக வேண்டும். முன்னுரை எழுதியவர், படம் கொடுத்தவர், மேடையில் உட்காருகிறவர்கள், பத்திரிகை விமர்சனத்துக்கு, சம்பந்தி வீட்டுக்கு என்று எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் 40 போகும். ஆக, விற்பதற்கு இருப்பது 260. அதில் 240 விற்றாலே நல்ல விற்பனை.

இனி விற்கிறவர் பங்கு. தனி ஆளாகப் புத்தகம் கொண்டு போகிறவரிடம் கடைக்காரர் சாதாரணமாகக் கேட்பது 35 சதவீதம். மொத்த விநியோகம் செய்கிறவர் 45-க்குக் குறைய மாட்டார். பல இடங்களில் விற்ற பிறகுதான் பணம், மாதக்கணக்கில் ஆகும். விற்காதது ராப்பர் அழுக்காகி, மூலை மடங்கித் திரும்பி வரும். கொடுக்கும்போது எத்தனை பிரதி, எத்தனை சதவீதம், எப்போது கணக்குப் பார்ப்பது என்று செலானில் எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வது உத்தமம். எனக்கு ஒரு கடையில் பத்துப் பிரதிக்குக் கணக்கே இல்லாமல் போயிருக்கிறது. எத்தனை கொடுத்தேன் என்பதிலேயே அவருக்குச் சந்தேகம்.

கடைக்காரரைத் திட்டி மட்டும் பிரயோஜனம் இல்லை. அவருக்கு வாடகை, கரண்டு, ஆள் சம்பளம் இருக்கிறது. அந்த 35-லிருந்துதான் வாடிக்கையாளருக்கு 10 சதவீதமும் விடுகிறார். புத்தகக் கண்காட்சிகளில் பழகிப்போன அந்த 10 சதவீதத்தை இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறார்கள்.

இப்போது சாரின் 150-க்கு வருவோம். வெளியீட்டு விழாவிலும் தெரிந்தவர்களிடமும் 10 சதவீதம் தள்ளி 135-க்கு 120 பிரதி: 16,200. தபாலில் 40 பிரதி. 160 பக்க டெமி புத்தகம் 70 ஜி.எஸ்.எம். தாளில் சுமார் 190 கிராம் வரும். அஞ்சல் துறை புத்தகங்களுக்காக 2025 மே மாதம் தொடங்கிய கியான் போஸ்ட்டில் 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும். கவரும் சேர்த்து 30 என்று வைத்தால் கையில் 120 நிற்கும்: 4,800. கடைகளில் 80 பிரதி, ஒன்றுக்கு 97.50: 7,800. மொத்தம் 28,800. செலவு 38,000. நஷ்டம் 9,200. “அதிகம் விற்றால் சரியாகிவிடும்லா?” என்று கேட்டார். பிரதிக்குச் சராசரியாக 120 ரூபாய் வருகிறது. 38,000-ஐ எடுக்க 317 பிரதி விற்க வேண்டும். அடித்ததே 300.

இதே விற்பனையை 200 ரூபாய்க்குப் போட்டால் நேரில் 180 வீதம் 21,600, தபாலில் 170 வீதம் 6,800, கடையில் 130 வீதம் 10,400. மொத்தம் 38,800. கையைக் கடிக்காது, அவ்வளவுதான். அவர் ஊர் ஊராகக் குளத்தங்கரையில் நடந்ததற்கு இதில் கூலி இல்லை.

அப்படியானால் 250 வைக்கலாமே என்பீர்கள். 240-ம் விற்றால் 48,800 வரும். ஆனால் விலை ஏறியதால் விற்பனை எல்லா இடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 39,040. அதாவது 200-க்கு விற்று வந்த கிட்டத்தட்ட அதே பணம், 48 வாசகர் குறைவாக. அந்த 48 பேரை இழக்க எந்த எழுத்தாளருக்கும் மனசு வராது.

குறையுமா என்று கேட்டால், குறையும் என்பதே என் கணிப்பு. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ஆட்கள் புத்தகம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முதலில் அட்டை, அடுத்து பின்னட்டையில் விலை, அடுத்தது கடைசிப் பக்கத்தின் எண். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்ற பழைய கணக்கு இன்னும் மனசில் இருக்கிறது. ஒன்றேகால் வரை சகித்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால், தெரிந்த பெயராக இல்லாவிட்டால், கடைக்காரர் சொன்ன மாதிரி, “எடுத்துப் பாத்துட்டு அங்கினயே வச்சிட்டுப் போயிருவாவ.” 160 பக்கத்துக்கு ஒன்றேகால் வீதம் 200. கணக்கும் வாசகர் மனசும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது சாருடைய அதிர்ஷ்டம். 96 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு இது நடக்காது. அங்கே மாறாத செலவு அவ்வளவாகக் குறையாது, வாசகர் தர நினைப்பதோ 120. அப்படிப்பட்ட புத்தகத்தைக் கடைக்கே கொடுக்காமல் நேரிலும் தபாலிலும் மட்டும் விற்பதே நல்லது.

சில்லறை விஷயம் ஒன்று. 225 என்று போட்டால் 10 சதவீதம் தள்ளி 202.50. ஸ்டாலில் அந்த இரண்டரை ரூபாயை வைத்துக்கொண்டு நாள் பூரா மல்லாட வேண்டும். தள்ளுபடி போக முழு எண் வருகிற மாதிரி விலை வையுங்கள். இன்னொன்று, அச்சான விலையைக் குறைக்கலாம், ஏற்ற முடியாது. பழைய விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் வாங்குகிறவர் முதல் காரியமாக நகத்தால் அதைச் சுரண்டிப் பார்ப்பார்.

நூலக ஆணை வரும் என்று நம்பி விலையைக் கூட்டுகிறவர்களும் உண்டு. நம் பொது நூலகத் துறை பாரக் கணக்கில் விலை வைத்தே வாங்கி வந்திருக்கிறது. நீங்கள் அட்டையில் 400 போட்டாலும் அந்த ரேட் ஏறாது. ஆணை வந்தால் வரவில் எழுதுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

300-ம் தீர்ந்தால் என்ன செய்வது என்று சார் கேட்டார். அப்போது லேஅவுட், டிசைன் செலவு கிடையாது. வேண்டும்போது ஐம்பது, நூறு என்று டிஜிட்டலில் அடிக்கலாம். அவருக்குச் சொன்ன ரேட் பிரதிக்கு 98. கடைக்கு 130-க்குக் கொடுத்தால் 32 நிற்கும். 45 சதவீத விநியோகஸ்தருக்குக் கொடுத்தால் கையில் வருவது 110, மிஞ்சுவது 12, பார்சல் கூலி போக அதுவும் இல்லை. 150 விலை வைத்திருந்தால் மறு அச்சில் கடைக்குக் கொடுக்கிற ஒவ்வொரு பிரதிக்கும் ஐம்பது காசு கைக்காசு போட வேண்டியிருந்திருக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு சார் 180-இல் வந்து நின்றார். அதற்கும் கணக்குப் போட்டோம். மொத்த வரவு 34,800, துண்டு 3,200. “அது என் பென்ஷன்ல போட்டும்” என்றார். தொகை எவ்வளவு என்று தெரிந்து சொல்கிறார், அதனால் நான் மறுத்துப் பேசவில்லை. ராப்பர் போன வாரம் அச்சுக்குப் போய்விட்டது.