ஏழு நாள் முடிந்தால் உரிமையும் முடிந்ததா?

"ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது" என்ற ஒற்றை வரியைப் பார்த்ததும் பணத்தைத் தலைமுழுகிவிடுகிறவர்கள் நம் டெல்டாவில் ஏராளம். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா, சம்பா பயிருக்கு மருந்தடிக்க இணையத்தில் பேட்டரி தெளிப்பான் வாங்கினார். விற்றவர் குஜராத்தில் இருக்கிறார். விளம்பரத்தில் பேட்டரி 12 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தது. இலைச்சுருட்டுப் புழு தென்பட்ட பிறகுதான் அதை வயலுக்கு எடுத்துப் போனார். மூன்றாவது டேங்க்கிலேயே நின்றுவிட்டது. அடிமூடியைக் கழற்றினால் பேட்டரியின் மேல் 8 என்று அச்சிட்டிருக்கிறது. அதற்குள் ஏழு நாள் கடந்துவிட்டது.

அந்த ஏழு நாள் நிறுவனம் வகுத்துக்கொண்ட கணக்கு. குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த விதியில் ஏழு நாள் என்ற வரம்பு கிடையாது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

சித்தப்பா பேட்டரியின் எழுத்தைப் படமெடுத்தார். விளம்பரப் பக்கத்தை மாற்றிவிடுவார்கள் என்பதால் அதையும் முதலிலேயே சேமித்துக்கொண்டார். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். விற்பவரின் முழு முகவரியையும் அதிலேயே கேட்டார். எழுதிக் கேட்டால் தளம் அதைத் தர வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் விதி. பதில் வராததால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தார். விற்பவர் தரப்பில் பேட்டரி மட்டும் மாற்றித் தருகிறோம் என்றார்கள். உதவி எண் சமரசம் பேசலாமே தவிர உத்தரவு போட முடியாது.

"வழக்கு என்றால் குஜராத்துக்கு வர வேண்டும்" என்று விற்பவர் மிரட்டினார். இது சுத்தப் பொய். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகத் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், விற்பவரையும் தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துப் புகார் பதிவானது. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். விவசாயத்துக்கு வாங்கியதால் அவர் நுகர்வோர் அல்ல என்று ஒரு வாதம் வரும். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்துகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

ஆணையத்தின் நோட்டீஸ் போனதும் முழுப் பணமும் வந்துவிட்டது. வாடகைக்குத் தெளிப்பான் எடுத்த செலவையும் கேட்டிருந்தார். அதற்கு ரசீது இருந்ததால் சமரசத்தில் அதுவும் கிடைத்தது. புழுவால் போன மகசூலை அவர் கேட்கவில்லை. தெளிப்பான் நின்றதால்தான் அந்த இழப்பு என்று நிரூபிக்க வேளாண் அலுவலரின் வயலாய்வு போன்ற ஆதாரம் தேவைப்பட்டிருக்கும். அறுவடைக்குப் பிறகு அதைத் திரட்ட வழியில்லை.