நோட்டீஸ் வேண்டாம், அண்ணனின் கையெழுத்துதான் வேண்டும்

பக்கத்து வீட்டு மரத்தால் நம் காம்பவுண்டு சுவர் விரிகிறது என்று வெளியில் சொல்லிவிடக் கூடாது. சொன்ன மறுநாளே ஆளுக்கொரு யோசனையோடு வந்துவிடுகிறார்கள். "வக்கீல் நோட்டீஸ் ஒண்ணு விடு, தானா வழிக்கு வருவாங்க" என்கிறார் ஒருவர். "ராத்திரியோட ராத்திரியா அடிப்பட்டையைச் சுத்தி உரிச்சு விடு, காஞ்சு போயிடும்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் பெரிய மனுஷன் மாதிரி, "ஒரு விரிசலுக்குப் போய் அக்கம்பக்கத்தைப் பகைச்சுக்கலாமா, விடு" என்கிறார். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டு எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மூன்றுமே தப்பு. அதுவும் எங்கள் கோத்தகிரி மாதிரி மலைச் சரிவில் மூன்றுமே ஆபத்து.

பக்கத்து வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கு மேல்பக்கம் அவர் வீடு. அவர் மண் எங்கள் முற்றத்தைவிட இரண்டடி உயரம். அந்த மண்ணைத் தாங்குவது கருங்கல் அடித்தளம், அதற்கு மேல் சாலிட் பிளாக் வைத்துக் கட்டிய சுவர். சுவரிலிருந்து நாலடி தள்ளி, அவர் பக்கத்தில், ஒரு பெரிய கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். கிளைகள் எங்கள் ஓட்டின் மேல் நீண்டு நிற்கின்றன. நார் நாராக உரிந்து தொங்கும் பட்டை காற்றடிக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம்தான் விழுகிறது. பட்டை விழுவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, பெருக்கித் தள்ளிவிடலாம். சுவரைத்தான் பெருக்கித் தள்ள முடியாது.

"மரத்தால்தான் சுவர் போச்சு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதில்தான் பாதி சண்டை ஆரம்பிக்கிறது. அண்ணன் திருப்பிக் கேட்பார்: "உங்க கொத்தனார் ஒழுங்கா அஸ்திவாரம் போட்டாரா?" நியாயமான கேள்விதானே? அதற்குப் பதில் கையில் இல்லாமல் எழுதும் கடிதம் சண்டைக்கு விடும் அழைப்பு. அதனால் முதலில் சுவரைப் படிக்க வேண்டும். வேர் அடியிலிருந்து தூக்கினால், தூக்கிய இடத்துக்கு மேலே விரிசல் உச்சியில் அகலமாகவும் கீழே வர வர ஒடுங்கியும் இருக்கும். மண் கீழே இறங்கிச் சுவர் நடுவில் தொய்ந்தால் அது தலைகீழ், அடியில்தான் அகலம். பின்னால் தண்ணீர் தேங்கித் தள்ளினால் பெரிய விரிசலே இல்லாமல் சுவர் நம் பக்கம் சாயும், இல்லையென்றால் வயிறு தள்ளும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் சுவரில் வேர் தூக்கியதும் இருக்கிறது, தண்ணீர் தள்ளியதும் இருக்கிறது. மேலே விரல் நுழையும் அளவு விரிசல், கீழே மயிரிழை. விரிசலுக்கு நேர் கீழே கொத்தனாரை வைத்து ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டினோம். கருங்கல்லுக்கு அடியில், முன்கை பருமனில், செம்மண் ஒட்டிய ஒரு வேர் எங்கள் பக்கம் வந்து கொண்டிருந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த கல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, கலவை விட்டு நின்றது. அப்புறம், கல் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகளில் கம்பியை விட்டுப் பார்த்தால் எதிலும் கம்பி போகவில்லை. சல்லி வேர்கள் பின்னாலிருந்து வந்து பஞ்சு அடைத்ததுபோல் அடைத்திருக்கின்றன. ஈரம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் வேர் வரும், துளைக்குப் பின்னால்தானே ஈரம்? அங்கே தண்ணீர் நின்று, சுவர் தூக்குக்குண்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே வந்துவிட்டது.

இதைத்தான் "ஒரு விரிசல்" என்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழை எப்படிப் பிடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாதா? 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதைப் பார்த்தவர்களே, தண்ணீர் வடிய வழியில்லாமல் சாய்ந்து நிற்கும் சுவரைக் காட்டி "விடு" என்றால் எப்படி விடுவது? அந்தச் சுவருக்குக் கீழேதான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் பாதை.

சரி, நோட்டீஸ் விடு என்பவர்களுக்கு வருகிறேன். சமவெளியில் என்றால், கிளை நம் எல்லைக்குள் வந்தால் எல்லை வரை வெட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு உண்டு. இது மலைப்பகுதி. இங்கே 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. நான் அரிவாளை எடுத்துக்கொண்டு போக முடியாது, அவரும் முடியாது. மரம் நிற்கும் நிலத்துக்குப் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதாவது அண்ணன் கையெழுத்துப் போடாமல் ஒரு அடியும் நகராது. அவரிடம் வாங்க வேண்டியது ஒரு கையெழுத்து. "பதினைந்து நாட்களுக்குள் தவறும் பட்சத்தில்" என்று மிரட்டினால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூட அந்தப் படியேற முடியாமல் நிற்கப்போவது நான்தான்.

பட்டையை உரிக்கச் சொல்பவர்களை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது. திருட்டுத்தனம், சட்டப்படி குற்றம், அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டை உரித்த மரம் காய்ந்து எங்கே போகும்? நின்ற இடத்திலேயே நிற்கும். கிளை உளுத்து முதலில் விழப்போவது எங்கள் ஓட்டின் மேல்தான். வேர் மக்கிப்போன பிறகு இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மண்ணும் பிடி விடும். அந்த மண் வந்து சாயப்போவதும் எங்கள் சுவரில்தான்.

அந்த வேரை வெட்டிவிட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். போதாது. அடிமரம் இரண்டடிப் பருமன். பருமனைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள், அதாவது இங்கே ஆறடிக்குள், பெரிய வேரில் கை வைக்காமல் இருப்பது நல்லது. மரத்தை நிற்க வைப்பதே அந்த வேர்தான். எங்கள் சுவர் இருப்பது நாலடியில். அங்கே வெட்டினால் அடுத்த காற்றில் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று யார் பொறுப்பேற்பார்கள்? வேரை விட்டுவிட்டுச் சுவரைத்தான் மாற்ற வேண்டும். விரிந்த இடத்தில் ஐந்தடிச் சுவரைப் பிரித்து, வேருக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக கான்கிரீட் பாதம் போட்டு, குறுக்கே ஒரு பீம் வைத்து, பீமுக்கும் வேருக்கும் நடுவில் வேர் பருக்க நாலு விரல் இடைவெளி விட்டு, அதற்கு மேல் பிளாக் அடுக்க வேண்டும். இதற்கும் அண்ணன் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் வெட்டி ஒதுக்கியாக வேண்டும். துளைகளுக்குப் பின்னால் ஜல்லி நிரப்பவும் அவர் பக்கம்தான் இறங்க வேண்டும்.

இதையெல்லாம் வைத்துத்தான் எழுதினேன். வாட்ஸ்அப்பில் போடவில்லை. வாட்ஸ்அப்பில் "உங்க மரம்" என்று ஆரம்பித்தாலே படிப்பவர் காதில் அது கத்துவதுபோல் கேட்கும். வெள்ளைத் தாளில், கையால் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அன்புள்ள அண்ணாவுக்கு, வணக்கம். அண்ணியும் அம்மாவும் நலமா? நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. கற்பூர மரத்துக்கு நேராகச் சுவர் மேல்பக்கம் விரிந்து, எங்கள் பக்கம் இரண்டு அங்குலம் சாய்ந்திருக்கிறது. தோண்டிப் பார்த்ததில் கல்லுக்கு அடியில் ஒரு வேர் தெரிகிறது. குழியை மூடாமல் வைத்திருக்கிறேன், நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். உங்கள் கொத்தனாரையும் கூட்டிவந்தால் நல்லது. மரத்தை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஓட்டின் மேல் வரும் மூன்று கிளைகளைக் கழிக்க அனுமதி கேட்டு உங்கள் பேரில் ஒரு விண்ணப்பம் வேண்டும். தாளை நான் எழுதித் தருகிறேன், ஆபீஸுக்கு நானே அலைகிறேன். வேரை வெட்டாமல் அதற்கு மேல் பீம் போட்டுச் சுவரைக் கட்டலாம் என்று கொத்தனார் சொல்கிறார். செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாமா என்று நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள். மே மாதத்துக்குள் முடித்தால் மழைக்கு முன் பயமில்லாமல் இருக்கலாம். ஞாயிறு காலை உங்களுக்குத் தோதுப்படுமா?"

கிளை எத்தனை, அளவு எத்தனை, என்ன கேட்கிறேன், எப்போதைக்குள், எல்லாம் அதில் இருக்கிறது. சட்டப் பிரிவு ஒன்றுகூட இல்லை, "நஷ்டஈடு" என்ற பேச்சே இல்லை. ஒரு நகலில் தேதி போட்டு என் கையில் வைத்திருக்கிறேன். விரிசலுக்குக் குறுக்கே பென்சிலில் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன். கோடு விலகினால் விரிசல் நகர்கிறது என்று அர்த்தம். மாதம் ஒரு தடவை அதே இடத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறேன். இது யார் மேலும் வழக்குப் போட இல்லை. பேச்சு வாக்குவாதமாகும்போது நடுவில் எடுத்து வைக்க ஏதாவது வேண்டும்.

மரம் ஆட்டம் கண்டு, ஆட்கள் மேல் விழும் நிலைக்கு வந்தால் அது வேறு கதை. அதற்கு வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. ஆனால் அது விழப்போகும் மரத்துக்கு. சுவர் விரிசலுக்காக அதைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்பவர்கள், அந்தப் பிரிவை ஒரு தடவையாவது படித்துவிட்டுப் பேசட்டும்.

அண்ணன் குழியைப் பார்த்தார். குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தார். "இவ்ளோ தூரம் வந்திருக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றார். கிளை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், பட்டா நகலும் கொடுத்தார். செலவில் பாதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் பேசுகிறேன் என்கிறார். சொல்லட்டும், காத்திருக்கிறேன். அவர் படியேறி அதைக் கேட்க எனக்கு இன்றைக்கும் வழி இருக்கிறது. இதற்கு நடுவில் யாராவது என் வாசலுக்கு வந்து "நோட்டீஸ்" என்று ஆரம்பித்தால், அந்தக் குழியில் இறக்கிவிட்டு வேரைக் காட்டப்போகிறேன்.