மஞ்சள்தூள் பிரசுரத்துல புகழ்ச்சி வேணாம், எண் குடுங்க!

ஏற்றுமதியாளர்கள் தமிழ்ப் பிரசுரத்தை நீட்டி, "இதை அப்படியே நல்ல இங்கிலீஷ்ல போட்டுக் குடுங்க"ன்னு சொல்றதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. அப்படியே போட்டா விக்காதுங்க!

"தலைமுறை தலைமுறையாக உலகத் தரத்தில் தயாராகும் 100% சுத்தமான ஈரோடு மஞ்சள்தூள், புற்றுநோயைத் தடுக்கும்." ஒரே வரியில எத்தனை வில்லங்கம்! நோயைத் தடுக்கும்னு உணவுப் பொருளுக்கு எழுத ஐரோப்பிய ஒன்றியத்துல சட்டமே இடம் குடுக்காது. அந்த வாசகத்தைத் தூக்கிட்டுத்தான் மத்த வேலை. "உலகத் தரம்", "100% சுத்தம்" ரெண்டுலயும் வாங்குறவர் சரிபார்க்க ஒண்ணுமே இல்ல. அவர் தேடுறது வேற. ஈரப்பதம் அதிகபட்சம் எவ்வளவு, மஞ்சளுக்கு நிறம் குடுக்கற குர்குமின் குறைஞ்சபட்சம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு, எந்த சல்லடை, எத்தனை கிலோ பை.

சரி, எண்ணைக் கேட்டா "ஈரப்பதம் 8-10%, குர்குமின் 3-5%"னு வருது. இது விவரமா? குர்குமின் 5 கிடைக்கும்னு நம்பி விலை பேசினவருக்கு 3 வந்து இறங்கினா சண்டைதானே! "குர்குமின் குறைந்தபட்சம் 3%, எச்.பி.எல்.சி. முறையில்"னு எழுதுங்க. எச்.பி.எல்.சி.ங்கிறது பொருளைக் கூறு கூறா பிரிச்சு அளக்குற ஆய்வக முறை. எந்த முறைன்னு சொல்லியே ஆகணும். ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு பார்த்து அளக்குற நிறமாலை ஒளிமானியில வர்ற எண்ணும் எச்.பி.எல்.சி.-யில வர்ற எண்ணும் ஒத்துப்போகாது. ஈயத்துக்கு, உலர்ந்த கிழங்கு வகை மசாலாக்களுக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 1.5 மில்லிகிராம். மஞ்சள்ல ஈயக் கலப்படம்னா வாங்குறவங்க ஏற்கெனவே பயந்து கிடக்காங்க. அந்த வரி பிரசுரத்துல இல்லன்னா சந்தேகம் வராம என்ன செய்யும்?

அடுத்த கொடுமை, "எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது." அமெரிக்காவோட உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.-வில ஆலையைப் பதிவு பண்றது வேற, அங்கீகாரம் வேற. உணவு ஆலைகளுக்கு அவங்க அங்கீகாரமே குடுக்கறதில்ல. விவரம் தெரிஞ்ச வாங்குறவர் இந்த ஒரு வரியைப் பார்த்ததும் மத்த எல்லா வரியையும் நம்பாம விட்டுடுவார். "எஃப்.டி.ஏ.-வில் பதிவு செய்யப்பட்ட ஆலை"ன்னு உள்ளதை உள்ளபடி எழுதினா போதாதா? "ஆர்கானிக்"னு போட்டாலும் சான்றளிச்ச நிறுவனத்தோட பேரும் சான்று எண்ணும் கூடவே வரணும்.

"ஆண்டுக்கு 15,00,000 கிலோ"ன்னு நம்ம லட்சக் கணக்குல கமா போட்டா வெளிநாட்டுக்காரர் அச்சுப்பிழைன்னு நினைப்பார். 1,500 மெட்ரிக் டன்னுன்னு போடுங்க. விலை வரியில, கப்பல்ல ஏத்துற வரைக்கும் செலவு விக்கிறவரோடதுன்னு சொல்ற எஃப்.ஓ.பி.-யை மட்டும் போட்டு நிறுத்தாதீங்க. "எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020"னு துறைமுகமும், இன்கோடெர்ம்ஸ்ங்கிற சர்வதேச வணிக விதித் தொகுப்போட பதிப்பும் சேர்ந்து வரணும்.

இவ்வளவும் திருத்திக் குடுத்தப்புறம் அச்சுக்குப் போற நேரத்துல "கொஞ்சம் வெறுமையா இருக்கே"ன்னு "வேர்ல்டு கிளாஸ் குவாலிட்டி"யை மறுபடி தலைப்புல ஏத்துறாங்க பாருங்க, அதைத்தான் தாங்கவே முடியல! இடம் வெறுமையா இருந்தா சமீபத்திய லாட்டோட ஆய்வக அறிக்கையை, லாட் எண்ணும் தேதியும் தெரியுற மாதிரி, அங்க போடுங்க.